கடைசித் தாள் எங்கே?

"தீர்ப்பு வந்துவிட்டது, வென்றுவிட்டோம்!" என்று கைபேசியில் தாள்களின் படங்களை அனுப்புகிறார் நண்பர். புரட்டினால், நடுவிலே சில பக்கங்கள் இல்லை. கடைசிப் பக்கமும் இல்லை. வென்றதாக எங்கே எழுதியிருக்கிறது என்றால், "படித்தாலே தெரியவில்லையா?" என்கிறார்.

தெரியாது, நண்பரே! கோலக்நாத் வழக்கைக் கேளுங்கள்.

பஞ்சாபில் 500 ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருந்த குடும்பம் அது. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலத்துக்கு உச்சவரம்பு கட்டிற்று. அச்சட்டத்துக்கு அரணாக நின்றது 1964-இல் வந்த 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். திருத்தமே செல்லாது என்று குடும்பத்தார் உச்சநீதிமன்றம் போனார்கள். 11 நீதிபதிகள் கேட்டு, 1967 பிப்ரவரி 27-இல் தீர்ப்புச் சொன்னார்கள்.

தலைமை நீதிபதி சுப்பாராவின் தீர்ப்பைப் படியுங்கள். அரசியல் சட்டத் திருத்தமும் ஒரு சட்டமே; அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை; 17-ஆவது திருத்தமோ அவற்றைக் குறைக்கிறது என்கிறார். இந்த இடத்தோடு தாள் தீர்ந்தால் என்ன எழுதுவீர்கள்? "குடும்பம் வென்றது, நிலம் திரும்புகிறது" என்றுதானே?

அடுத்த பக்கங்களைப் பாருங்கள். இந்த விதி இனி வரும் திருத்தங்களுக்கே. முன்பு செய்தவை நிற்கும் என்கிறார்! ஆகவே நிலச் சட்டமும் நின்றது; மனு தள்ளுபடி ஆயிற்று. வாதம் வென்றது, வழக்காடியவர் தோற்றார்!

இன்னொரு விபத்தும் உண்டு. நீதிபதி வாஞ்சுவின் பக்கங்கள் மட்டும் கிடைத்திருந்தால், நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றே தீர்ப்பாயிற்று எனச் சாதித்திருப்போம். அதுவோ, 6-க்கு 5 என்ற கணக்கில் தோற்ற சிறுபான்மைக் கருத்து!

அப்படியானால், குறைத் தாளைச் சுருக்குவது எப்படி? முதலில் பக்க எண்ணையும் பத்தி எண்ணையும் வரிசையாகப் பாருங்கள். எண் தாவும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதிய நீதிபதி யார் என்று பாருங்கள். "மனுதாரர் தரப்பில் வாதிடப்பட்டது" என்பது வக்கீலின் பேச்சு. அதை நீதிபதியின் முடிவாக்காதீர்கள். "நாங்கள் கருதுகிறோம்" என்று வரும் இடமே முடிவு. அதுவும் அந்த ஒரு கேள்விக்கான முடிவுதான்.

பிறகு இப்படி எழுதுங்கள்: "இந்தக் கேள்விக்கு இன்ன நீதிபதி இவ்வாறு முடிவு கண்டார். இன்ன பக்கங்கள் கிடைக்கவில்லை. மனு ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பது கையிலுள்ள தாள்களில் இல்லை." இவ்வளவே நேர்மையான சுருக்கம்.

மிச்சத்துக்கு ஊகம் வேண்டாம். நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். வென்றதாக நினைத்து வீட்டிலே இருப்பவனுக்காக மேல்முறையீட்டுக் கெடு காத்திருப்பதில்லை!