கூம்பை எடுத்தால் போதாது, சாலையும் போட வேண்டும்

கடைத் திறப்பு விழாவுக்கு எடுத்த படம். முகப்பு, பெயர்ப்பலகை, தோரணம் எல்லாம் அழகாக விழுந்திருக்கின்றன. ஆனால் கடைக்கு முன்னால் சாலையில் மூன்று ஆரஞ்சு நிறக் கூம்புகள், ஒரு மஞ்சள் இரும்புத் தடுப்பு, அம்புக்குறி போட்ட மாற்றுப்பாதைப் பலகை ஒன்று. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சென்னை ஆற்காடு சாலை போன்ற இடங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. “அதையெல்லாம் எடுத்துட்டுக் கொடுங்கண்ணே, நோட்டீஸ்ல போடணும்” என்று ஸ்டூடியோவில் கேட்பார்கள்.

எடுப்பது சுலபம். போட்டோஷாப்பில் கூம்பைச் சுற்றி வளைத்து, 2010-இல் அறிமுகமான Content-Aware Fill வசதியைக் கொடுத்தால் சில நொடிகளில் கூம்பு மறைந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கூம்புக்குப் பின்னால் இருந்த சாலையைக் கேமரா பார்க்கவே இல்லை. அந்த இடத்தை மற்ற இடங்களிலிருந்து எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். தார்ச்சாலை என்பது ஒரே சாம்பல் பரப்புதானே என்று நினைத்து நிரப்புகிறவர்களின் படத்தில், கூம்பு போன இடம் திட்டாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

படத்தில் சாலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவுக்கு அருகில் ஜல்லிகள் எள் தூவியதுபோலத் தனித்தனியாகத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போனால் அவை பொடியாகும். இன்னும் தள்ளினால் ஒன்றோடொன்று கலந்து வெறும் நிறமாகிவிடும். ஆகவே படத்தின் அடியிலிருந்து சாலையை எடுத்து மேலே ஒட்டினால் ஜல்லி பெரிதாகிவிடும். மேலிருந்து எடுத்துக் கீழே ஒட்டினால் மழமழவென்று பூசியதுபோல் இருக்கும். இதற்குத் தீர்வு எளிது. கூம்பின் அடி எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் இடது பக்கமோ வலது பக்கமோ நகர்ந்து சாலையை எடுக்க வேண்டும். படத்தில் ஒரே உயரத்தில் இருக்கும் சாலை, கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பது. ஜல்லியின் அளவும் பொருந்தும், மங்கலும் பொருந்தும். Content-Aware Fill தானாகச் செய்யும்போது சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். அது எங்கிருந்து எடுக்கலாம் என்பதைப் பச்சை நிறத்தில் காட்டும். அந்தப் பச்சையைக் கூம்பின் இரண்டு பக்கமும் உள்ள பட்டையாகச் சுருக்கி, சுவர், செருப்பு, வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டாலே பாதிப் பிழை குறையும்.

வேலையை அசல் படத்தின் மேலேயே செய்யக் கூடாது. மேலே ஒரு காலி லேயர் போட்டு, Clone Stamp கருவியில் Sample என்ற இடத்தை Current & Below என்று மாற்றிக்கொண்டால், ஒட்டுவதெல்லாம் அந்த லேயரில் மட்டும் விழும். பிடிக்காததை அழித்துவிட்டு மறுபடி ஒட்டலாம்.

முதலில் ஜல்லியைத் தொடாதீர்கள், கோடுகளைப் போடுங்கள். நம் படத்தில் ஒரு கூம்பு வெள்ளைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. கோடு தொலைவில் போகப் போகக் குறுகும், அகலமும் குறையும். இதைக் கண்ணளவில் ஒட்டினால் கோடு முறிந்த எலும்பு மாதிரி ஆகிவிடும். போட்டோஷாப்பின் Filter பட்டியலில் Vanishing Point இருக்கிறது. சாலைக் கோட்டின் இரண்டு ஓரங்களையோ, கோட்டையும் நடைபாதை விளிம்பையுமோ வைத்து நான்கு மூலைகளைக் குறித்தால் சாலையின் மேல் ஒரு கட்டம் படரும். கட்டம் நீலமாக இருந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ ஆனால் மூலைகளைத் திருத்த வேண்டும். அதற்குள் இருக்கும் கருவியால் கோட்டின் நல்ல பகுதியை எடுத்துக் கூம்பின் மேல் ஒட்டும்போது, தொலைவுக்கு ஏற்ப அதுவே சுருங்கிக் கொடுக்கும். கோட்டைப் போலவே வண்டிச் சக்கரங்கள் போய்ப் போய்ப் பளபளத்த தடமும், எண்ணெய் சொட்டிய கறையும், தார் ஒட்டுப்போட்ட விளிம்பும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். பார்க்கிறவர் இவற்றைக் கவனிக்க மாட்டார். ஆனால் பாதியில் அறுந்தால் ஏதோ சரியில்லை என்று உடனே தோன்றும்.

கோடுகள் முடிந்த பிறகு நடுவில் மிஞ்சும் வெறும் சாலையை Healing Brush கொண்டு நிரப்பலாம். அது ஜல்லியை ஒரு இடத்திலிருந்தும் நிறத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வெள்ளைக் கோட்டுக்கோ நடைபாதை விளிம்புக்கோ பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது. வெள்ளை தாரில் கசிந்து அழுக்குப் படலமாகும். விளிம்புகளுக்கு Clone Stamp தான். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் அதே கறை மூன்று இடங்களில் முளைக்கும். எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி நிழல். பலர் பலகையை எடுத்துவிட்டு, நடைபாதையைத் தாண்டி நீண்டு கிடக்கும் அதன் கம்பத்தின் நிழலை விட்டுவிடுகிறார்கள். மேகமூட்டமான நாளில் நீண்ட நிழல் விழாது. ஆனால் கூம்பின் அடியைச் சுற்றி ஒரு மெல்லிய கருமை இருக்கும். வெயிலில் எடுத்த படத்தில் கூம்பின் ஆரஞ்சு நிறம் பக்கத்துத் தாரிலும் லேசாக ஏறியிருக்கும். இரண்டும் போக, கூம்பை விடச் சற்றுப் பெரிதாகவே வளைக்க வேண்டும். நீண்ட நிழலுக்குள் ஜல்லி பதிவாகியிருக்கிறது என்பதால் அதை மூடாமல் Curves கொண்டு வெளிச்சமாக்கிப் பார்க்கலாம். வெயில் படாத இடம் வானத்தின் ஒளியை மட்டும் வாங்குவதால் நீலம் தூக்கலாக இருக்கும். வெளிச்சத்தை ஏற்றியதோடு நீலத்தையும் குறைத்தால்தான் பக்கத்துச் சாலையோடு சேரும்.

இரும்புத் தடுப்புக்கு இந்த உத்திகள் போதாது. அதன் கம்பிகளுக்குப் பின்னால் நிற்பவர்களின் கால்கள், ஸ்கூட்டரின் சக்கரம், கடையின் படிக்கட்டு எல்லாம் துண்டு துண்டாகத் தெரிகின்றன. தாரை இரவல் வாங்கலாம், ஒருவருடைய முழங்காலை வாங்க முடியாது. படம் எடுக்கும்போதே ஓரிரு அடி பக்கவாட்டில் நகர்ந்து இன்னும் சில படங்கள் எடுத்து வைத்திருந்தால், ஒன்றில் கம்பி மறைத்தது மற்றொன்றில் தெரியும். அங்கிருந்து எடுத்துச் சேர்க்கலாம். அப்படி எடுக்கவில்லையென்றால், தடுப்பு தெரியாதபடி படத்தை வெட்டிக்கொள்வதுதான் நேர்மையான வழி.

முடிந்ததும் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத திட்டு அப்போது தெரியும். மேலே ஒரு Curves லேயர் போட்டு மாறுபாட்டைத் தாறுமாறாக ஏற்றினால் நிறம் பொருந்தாத இடங்கள் மேகம் மாதிரி எழும்பும். ஒட்டிய இடம் மட்டும் வழவழப்பாக இருந்தால் Add Noise கொண்டு கொஞ்சம் மணல் தூவினால் போதும்.

நோட்டீசுக்கும் காலண்டருக்கும் இதெல்லாம் சரி. செய்திப் படத்துக்கு ஆகாது. சிரியப் போரில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் கிடந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை, அதே படத்திலிருந்த தரையை ஒட்டி மறைத்தார் நார்சிசோ கொன்ட்ரெராஸ். அவர் புலிட்சர் பரிசு பெற்ற புகைப்படக்காரர். 2014 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அவரோடான தொடர்பை முறித்துக்கொண்டது. விபத்துக்கான இன்சூரன்ஸ் படம், சாலைப் பள்ளம் பற்றிப் புகார் கொடுக்கும் படம் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்ததா, தடுப்பு வைத்திருந்தார்களா என்பதே கேள்வி. அந்தப் படங்களில் கூம்பு நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.