உள்குழாய் அடைபடும்போது

கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழாயில் துளையிட்டு, அதன் வழியே மூச்சு விடுவதற்கான குழாயைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை டிரக்கியாஸ்டமி எனப்படுகிறது. இவ்வாறு குழாய் பொருத்தப்பட்டு, திருச்சி காட்டூரில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ஒருவருக்கு அடைப்பு ஏற்பட்டால், 108 ஆம்புலன்ஸ் வந்து, நகரின் மறுபக்கம் புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வரை மூளை காத்திருக்காது. ஆகவே முதல் சிகிச்சையை வீட்டில் இருப்பவரே செய்ய வேண்டியுள்ளது.

மூக்கு வழியே செல்லாத காற்று ஈரமும் வெப்பமும் பெறாமல் நுரையீரலை அடைவதால் சளி உலர்ந்து, குழாயின் உட்சுவரில் ஓடுபோல் படிகிறது. இதற்காகவே பல குழாய்கள் ஒன்றினுள் ஒன்றாக இரு அடுக்காக அமைக்கப்படுகின்றன. வெளிக்குழாய் கழுத்திலேயே இருக்க, உள்குழாயை மட்டும் கழற்றிக் கழுவ முடிகிறது. சளி அதிகமுள்ளவருக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவுவதும், மாற்றுவதற்குச் சுத்தமான உள்குழாய் ஒன்றைத் தயாராக வைப்பதும் அவசியம்.

சளியை உறிஞ்சும் கத்தீட்டரின் வெளிவிட்டம் குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்கு 12ஆம் எண் கத்தீட்டர் பொருந்தும். பெரியவர்களுக்கு உறிஞ்சும் அழுத்தம் 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம் வரை போதுமானது. உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாமல், வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சி, ஒருமுறைக்கு 10 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். குழாயின் நீளத்தைக் கடந்து ஆழமாகச் செலுத்தினால் மூச்சுக்குழாயின் சுவர் புண்ணாகி இரத்தம் கசியும்.

சீழ்க்கைபோன்ற ஓசை, கழுத்துக் குழி உள்வாங்கும் மூச்சு, பதற்றம், நீலம் பாரிக்கும் உதடு ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். கத்தீட்டர் உள்ளே செல்லாமல் தடுக்கப்படுவது ஐயத்துக்கு இடமில்லாத அறிகுறி. அப்போது அதை வலிந்து அழுத்தாமல், 108ஐ அழைக்க மற்றொருவரிடம் சொல்லிவிட்டு, குழாயின் வாயில் மூடியோ பேச்சு வால்வோ இருந்தால் அகற்றி, வெளிக்குழாயின் சிறகை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, உள்குழாயைப் பூட்டிலிருந்து திருப்பி உருவி எடுக்க வேண்டும். பெரும்பாலான அடைப்பு அதோடு நீங்கிவிடும். சுத்தமான உள்குழாயைப் பிறகு பொருத்தலாம். நீங்காவிடில் வெளிக்குழாயில் கத்தீட்டரைச் செலுத்திப் பார்த்து, அதுவும் போகாவிட்டால் குழாயைச் சுற்றிக் காற்றுப் பை இருந்தால் அதன் காற்றை இறக்கி, ஆக்சிஜன் கிடைத்தால் முகம், கழுத்துத் துளை இரண்டிலும் காட்ட வேண்டும். அதன் பின்னும் மூச்சு திரும்பாவிட்டால் வெளிக்குழாயையே எடுக்க நேரிடும். துளையிட்ட முதல் வாரத்தில் வழி உறுதிப்படாததால் மாற்றுக் குழாயைச் செருகுவது அபாயம் மிக்கது. குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டவருக்கு வாய்வழி மூச்சே கிடையாது என்பதால் அவருக்குக் கழுத்துத் துளை ஒன்றே வழி.

இச்செயல்களைக் கைப்படச் செய்து காட்டாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது நியாயமன்று. குடும்பத்தார் பயிற்சியைக் கேட்டுப் பெறுவதோடு, குழாயின் வகை, அளவு, பொருத்திய நாள், மேல் மூச்சுவழி திறந்துள்ளதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கோரினால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. வீட்டில் தொடர் உதவி தேவைப்பட்டால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வீட்டுவழி வலிநிவாரணச் சேவைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விண்ணப்பிக்கலாம்.