கார்டை வாடகைக்கு எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

மொழி மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்க கிளவுடில் கிராஃபிக்ஸ் கார்டுகளை வாடகைக்கு எடுத்தால், மீட்டர் மணிக்கணக்கில் ஓடும். வேலை முடிய எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை மூன்று எண்களைக் கொண்டு முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். மாதிரியில் உள்ள அளவுருக்களின் எண்ணிக்கை, அது படிக்கப்போகும் டோக்கன்களின் எண்ணிக்கை, கார்டின் உண்மையான வேகம் ஆகியவையே அவை.

ஒரு டோக்கனைப் படிக்கும்போது ஒவ்வோர் அளவுருவுக்கும் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக இரண்டு கணக்குகள் நடக்கின்றன. பிழையைப் பின்னோக்கிக் கொண்டுபோய் அளவுருக்களைத் திருத்துவதற்கு ஏறக்குறைய இன்னும் நான்கு. ஆக மொத்தம் ஆறு.

```
மொத்தக் கணக்குகள் = 6 × அளவுருக்கள் × டோக்கன்கள்
```

2019-இல் வெளியான ஜிபிடி-2 வரிசையின் மிகச் சிறிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதில் 12.4 கோடி அளவுருக்கள் உள்ளன. 1,000 கோடி டோக்கன்களில் அதைப் பயிற்றுவித்தால் மொத்தக் கணக்குகள் 74,40,000 லட்சம் கோடி. என்விடியாவின் ஏ100 கார்டு நொடிக்கு 312 லட்சம் கோடி கணக்குகள் செய்யும் என்கிறது அதன் விவரத்தாள். எட்டு கார்டுகள் கொண்ட ஒரு பெட்டிக்கு இது 2,496 லட்சம் கோடி.

இந்த விவரத்தாளில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதே தாளில் 624 என்று இன்னோர் எண்ணும் உண்டு. அணியில் பாதி இடங்கள் குறிப்பிட்ட ஒழுங்கில் பூஜ்யமாக இருந்தால் மட்டுமே கிடைக்கும் வேகம் அது. வழக்கமான பயிற்சிக்குப் பொருந்தாது. 312-கூட உச்சவரம்புதான். நினைவகத்திலிருந்து எண்கள் வந்து சேரவும், கார்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் நேரம் போகும். நன்றாக எழுதப்பட்ட நிரல் உச்சத்தில் 40 முதல் 60 சதவீதத்தை எட்டும். சாதாரண நிரல் 20 சதவீதத்திலேயே நின்றுவிடலாம். ஆகவே முதல் மதிப்பீட்டுக்கு 40-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எட்டு கார்டுகளும் பாதி வேகத்தில் ஓடினால் நொடிக்கு 1,248 லட்சம் கோடி. வகுத்தால் சுமார் 5,960 நொடி, அதாவது ஒரு மணி 40 நிமிடம். ஆந்த்ரே கார்பதி 2024-இல் இதே வேலையை இதே வகைப் பெட்டியில் 90 நிமிடத்தில் முடித்தார். பெட்டியின் வாடகை அப்போது மணிக்குச் சுமார் 14 டாலராக இருந்தது. மொத்தச் செலவு சுமார் 20 டாலர். அவருடைய நிரல் பாதி வேகத்தையும் தாண்டியது. இதே வேலை 20 சதவீதத்தில் ஓடியிருந்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகி, 58 டாலர் போயிருக்கும்.

கார்டுகளை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகும், வாடகை மாறாது. ஏனெனில் கட்டணம் கார்டு-மணிக்குத்தான். ஆனால் இரண்டாவது பெட்டி வந்ததும் பெட்டிகளுக்கிடையேயான இணைப்பு குறுக்கே நிற்கும். அது மெதுவாக இருந்தால் கார்டுகள் காத்திருக்கும் நேரத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும்.

தாளில் போட்ட கணக்கைச் சரிபார்க்கச் சில நிமிட வெள்ளோட்டம் போதும். முழு வேலைக்கான அதே அமைப்புகளோடு 100 படிகள் ஓட்டி, தொடக்கப் படிகளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுக்க வேண்டும்; முதல் படிகளில் நிரல் தொகுக்கப்படுவதால் அவை மெதுவாகவே இருக்கும். படிக்கு 5,24,288 டோக்கன் என்றால் மொத்தம் சுமார் 19,000 படிகள். ஒரு படிக்கு 0.28 நொடி பிடித்தால் 89 நிமிடம். மாறாக 0.6 நொடி பிடித்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுவது லாபம்.

காரணத்தைத் தேடும்போது `nvidia-smi` காட்டும் `GPU-Util` எண்ணை நம்பக் கூடாது. கார்டில் ஏதோ ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்ததா என்பதை மட்டுமே அது சொல்லும். எவ்வளவு வேலை என்பதைச் சொல்லாது. 100 சதவீதம் என்று காட்டும்போதும் கார்டு பாதி சும்மா இருக்கலாம். மின்நுகர்வு இதைவிட நல்ல துப்பு. 400 வாட் கார்டு 200 வாட்டில் நின்றால், பெரும்பாலும் தரவு வந்து சேரவில்லை, அல்லது ஒரு முறைக்குக் கொடுக்கும் அளவு மிகச் சிறியது.

எப்போது வேண்டுமானாலும் பறிக்கப்படக்கூடிய மலிவு வாடகைக் கார்டுகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நிலையைச் சேமித்தால், ஒவ்வொரு பறிப்பிலும் சராசரியாகக் கால் மணி வேலை வீணாகும்; மறுபடி தொடங்கும் நேரம் அதற்கு மேல். பறிப்புகள் அடிக்கடி நேர்ந்தால் தள்ளுபடி அதிலேயே கரைந்துவிடும்.

கார்டு ஓடாத நேரத்துக்கும் மீட்டர் ஓடுகிறது. தரவை இறக்கி டோக்கன்களாக மாற்றும் வேலையை கார்டு இல்லாத மலிவான கணினியில் முடித்துக்கொள்வது நல்லது. பயிற்சி முடிந்ததும் தானே அணையும்படி கட்டளை வைக்காவிட்டால், இரவு பத்து மணிக்கு முடிந்த வேலைக்குக் காலை ஆறு மணிவரை 112 டாலர் ஏறியிருக்கும். மேலே கண்ட பயிற்சியின் செலவைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் அது. அணைத்த பிறகும் வட்டுக்கான வாடகை பல இடங்களில் தொடரும்.