எந்த அமர்வு என்று சொல்லாத பேச்சாளர்

உத்திரமேரூர் கல்வெட்டுகளில் வரும் ஏரி வாரியத்தைப் பற்றி ஒருவர் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊர்ச்சபை தன் வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தது என்று சொல்லும் கல்வெட்டுகள் அவை. ஏரியைக் கவனித்துக்கொள்ளவும் ஒரு வாரியம் இருந்தது. இந்தக் கட்டுரையை ‘கல்வெட்டும் வரலாறும்’ அமர்வில் வைக்கலாம். ‘நீரும் வேளாண்மையும்’ அமர்வில் வைத்தாலும் பொருந்தும். கட்டுரையாளர் தன் பதிவுப் படிவத்தில் பெயர், கல்லூரி, தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், கட்டணம் செலுத்திய விவரம் எல்லாம் தந்திருக்கிறார். ‘எந்த அமர்வு?’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

ஒருங்கிணைப்பாளருக்கு முதலில் தோன்றுவது, தலைப்பைப் பார்த்துத் தானே ஓர் அமர்வில் போட்டுவிடலாம் என்பதுதான். நிரலில் இடமும் இருக்கும். சிக்கல் கருத்தரங்க நாளில்தான் தெரியவரும். கல்வெட்டு அமர்வுக்கு வருபவர்கள் கல்வெட்டின் வாசகத்தையும், காலக்கணிப்பையும், ஒரு சொல்லை ஏன் இப்படிப் படித்தீர்கள் என்பதையும் கேட்பார்கள். நீர் அமர்வில் உட்கார்ந்திருப்பவர்கள் தூர் வாரும் செலவை யார் ஏற்றார்கள், அந்த ஏற்பாடு இன்றைய பாசனச் சங்கங்களுக்கு ஏதாவது சொல்கிறதா என்று கேட்பார்கள். ஒரே ஆய்வுதான் என்றாலும் இரண்டு அவைக்கும் ஒரே பேச்சு போதாது. பதினைந்து நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று பேச்சாளர் முடிவு செய்வதே எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான். அதனால் அந்தத் தேர்வை அவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பதற்கு முன் ஒருங்கிணைப்பாளர் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. இவர் ஒருவர் மட்டும்தான் காலியாக விட்டிருக்கிறாரா?

பெரும்பாலான கல்லூரிகளில் பதிவு கூகுள் ஃபார்ம் வழியாக நடக்கிறது. பதில்கள் ஒரு விரிதாளில் வரிசையாக வந்து சேரும். அமர்வுப் பெயர் வாரியாக வரிசைப்படுத்தினால் காலிக் கட்டமுள்ள வரிகள் கடைசிக்குப் போய்விடும். ‘நீரும் வேளாண்மையும்’ என்று வடிகட்டிப் பார்த்தால் அவை கண்ணிலேயே படாது. ஆறு தலைப்புகளையும் ஒவ்வொன்றாக வடிகட்டி நிரல் தயாரிப்பவருக்கு, அந்தப் பேச்சாளர் இருப்பதே தெரியாமல் போகலாம். ஆகவே முதலில் காலிக் கட்டங்களை எண்ணிவிடுவது நல்லது. அமர்வுத் தேர்வு F என்ற பத்தியில் இருந்து, 47 பேர் பதிவு செய்திருந்தால், இந்த ஒரு வரி போதும்:

```
=COUNTBLANK(F2:F48)
```

விடை 6 என்று வந்தால், அந்த ஆறு வரிகளும் எங்கே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். படிவம் திறந்த முதல் நாளில் பதிந்தவர்கள் எல்லாருக்கும் காலியாக இருந்தால், தவறு அவர்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை. அந்தக் கேள்வி பிற்பாடு சேர்க்கப்பட்டிருக்கும். கேள்வியைச் சேர்த்ததும் தாளில் புதிய பத்தி முளைக்கும். முன்பே பதிந்தவர்களின் வரியில் அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் உள்ள நேரக் குறிப்பு இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு காரணம் இதைவிட மறைவானது. சில படிவங்கள் ‘நீங்கள் கட்டுரையாளரா, பார்வையாளரா?’ என்று முதலில் கேட்டு, பதிலைப் பொறுத்து வெவ்வேறு பக்கங்களுக்கு அனுப்பும். கைபேசியில் நிரப்பும் ஒருவர் தவறுதலாகப் ‘பார்வையாளர்’ என்பதைத் தொட்டிருந்தால், அமர்வுக் கேள்வி உள்ள பக்கம் அவருக்குத் திறந்தே இருக்காது. அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனவரிடம் படிவம் அதைக் கேட்பதில்லை.

இவை எதுவும் இல்லையென்றால், பேச்சாளர் தெரிந்தே விட்டிருக்கலாம். அதற்கும் காரணங்கள் உண்டு. தன் கட்டுரை இரண்டு அமர்வுகளுக்குப் பொருந்துகிறது என்பதால் தயங்கியிருக்கலாம். எதிலும் பொருந்தவில்லை என்று நினைத்திருக்கலாம். அமைப்பாளர்களே முடிவு செய்வார்கள் என்று மரியாதையோடு விட்டிருக்கலாம். காலிக் கட்டத்தை மட்டும் பார்த்து இவற்றில் எது என்று சொல்ல முடியாது. எழுதப்போகும் மின்னஞ்சல் இத்தனை பேருக்கும் பொருந்த வேண்டும். யாரையும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. இப்படி எழுதலாம்:

> பொருள்: கட்டுரை எண் 31 – எந்த அமர்வு? பிப்ரவரி 19 மாலைக்குள் பதில் தேவை
>
> மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.
>
> ஏரி வாரியம் பற்றிய உங்கள் ஆய்வுச் சுருக்கமும் கட்டணமும் வந்து சேர்ந்தன. நன்றி. அமர்வுத் தேர்வு மட்டும் எங்கள் பட்டியலில் பதிவாகவில்லை. உங்கள் கட்டுரை கீழ்க்கண்ட இரண்டில் எதற்கும் பொருந்தும் என்று கருதுகிறோம்:
>
> 1. கல்வெட்டும் வரலாறும் – மார்ச் 13, வெள்ளி, காலை 11.00 முதல் 12.30 வரை
>
> 2. நீரும் வேளாண்மையும் – மார்ச் 14, சனி, பிற்பகல் 2.00 முதல் 3.30 வரை
>
> 1 அல்லது 2 என்று இந்த மடலுக்கே பதில் எழுதினால் போதும். படிவத்தை மீண்டும் நிரப்ப வேண்டாம். வேறு அமர்வு விரும்பினால் அதையும் தெரிவியுங்கள்.
>
> பிப்ரவரி 19, வியாழன், மாலை 5 மணிக்குள் (இந்திய நேரம்) உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். அதற்குள் பதில் வராவிட்டால், சுருக்கத்தின் அடிப்படையில் முதல் அமர்வில் சேர்த்து உங்களுக்குத் தெரிவிப்போம்.

சின்ன மடல்தான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. வந்து சேர்ந்தவற்றை முதலில் சொல்லிவிடுவதால், பதிவே ஆகவில்லையோ, கட்டிய பணம் போய்ச் சேரவில்லையோ என்ற பதற்றம் எழாது. ‘நீங்கள் நிரப்பவில்லை’ என்று எழுதாமல் ‘பதிவாகவில்லை’ என்று எழுதியிருப்பது வெறும் பணிவுக்காக மட்டும் இல்லை, உண்மையும் அவ்வளவுதான். யாரால் விடுபட்டது என்பது எழுதுபவருக்குத் தெரியாது.

நாளும் நேரமும் அமர்வுப் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வெளியூரிலிருந்து வரும் பேச்சாளர் வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்து சேர முடியுமா, சனிக்கிழமை பிற்பகல் பேசினால் இரவு ரயிலைப் பிடிக்க முடியுமா என்பதையும் யோசித்துத்தான் பதில் சொல்வார். நேரத்தைச் சொல்லாமல் தலைப்பை மட்டும் கேட்டால், அதற்கு இன்னொரு மடல் போய் வர வேண்டியிருக்கும்.

‘படிவத்தை மீண்டும் நிரப்ப வேண்டாம்’ என்ற வரியைப் பலர் எழுத மறக்கிறார்கள். படிவத்தின் இணைப்பையே திரும்ப அனுப்பிவிடுகிறார்கள். பேச்சாளரும் நல்லெண்ணத்தோடு முழுவதையும் மறுபடி நிரப்புகிறார். தாளில் அவருக்கு இரண்டு வரிகள் வந்துவிடுகின்றன. ஒன்றில் தலைப்பு ஒரு மாதிரி, மற்றதில் சற்று மாறி இருக்கும். கட்டுரைகளின் எண்ணிக்கை தவறும். இரண்டு சான்றிதழ்கள் அச்சாகும். கட்டணக் கணக்கில் ஒருவர் பணம் கட்டாதவராகத் தெரிவார். ஒரு கட்டத்தைத் திருத்த வேண்டுமானால், பதில் மடலைப் பார்த்து அமைப்பாளரே தாளில் திருத்திக்கொள்வதுதான் சரி. யார், எந்தத் தேதி மடலைப் பார்த்துத் திருத்தினார் என்று பக்கத்துக் கட்டத்தில் குறித்துவைத்தால், பிறகு கேள்வி வரும்போது தேட வேண்டியிருக்காது.

கெடுவில் ‘இந்திய நேரம்’ என்று குறிப்பது வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்காக. தமிழ் ஆய்வுக் கருத்தரங்குகளுக்கு இது புதிதல்ல. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்த காலத்திலிருந்தே பல நாட்டு ஆய்வாளர்கள் ஒரே அவையில் கூடுகிறார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. நம் மாலை 5 மணி அங்கே இரவு 7.30. வெறுமனே ‘மாலைக்குள்’ என்றால் யாருடைய மாலை என்று தெரியாது.

கடைசி வரி, பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறது. இந்த வரி இல்லாத மடலுக்குப் பதில் வராவிட்டால் ஒருங்கிணைப்பாளர் நடுவில் மாட்டிக்கொள்வார்: காத்திருந்தால் நிரல் அச்சுக்குப் போகாது, தானே முடிவு செய்தால் ‘என்னைக் கேட்கவில்லையே’ என்ற பேச்சு வரும். இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. மடல் போய்ச் சேராதவருக்கு அந்த அறிவிப்பும் போய்ச் சேர்ந்திருக்காது. ஒரே மாதிரி மடலைப் பலருக்கு அனுப்பும்போது சில ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்துவிடும். சில படிவங்களை இணை ஆசிரியரோ ஆய்வு மாணவரோ நிரப்பியிருப்பார். மடல் அவருடைய முகவரிக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். ஆகவே கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு கைபேசியில் அழைத்து, “அம்மா, ஒரு மடல் அனுப்பியிருந்தோம், பார்த்தீர்களா?” என்று கேட்டுவிடுவது நல்லது. ஆறு பேருக்கு ஆறு அழைப்புகள், அரை மணி நேர வேலை. போனில் சொல்வதைக் கேட்டுக்கொண்ட பிறகு, அதையே ஒரு வரி மடலாக எழுதி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

‘எதுவானாலும் சரி’ என்று பதில் வந்தால் அதுவும் ஒரு முழுப் பதில்தான்; தாளில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். நிரல் போடுபவருக்கு அப்படிப்பட்டவர்கள் பெரிய உதவி. தொண்ணூறு நிமிட அமர்வில், பேச்சுக்குப் பதினைந்து நிமிடமும் கேள்விக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்கினால் நான்கு கட்டுரைகள்தான் அடங்கும். மீதிப் பத்து நிமிடம் அறிமுகத்துக்கும் தலைவர் உரைக்கும் போய்விடும். ஐந்து பேர் சேர்ந்துவிட்ட அமர்விலிருந்து ஒருவரை நகர்த்த வேண்டி வந்தால், முதலில் கேட்க வேண்டியது ‘எதுவானாலும் சரி’ என்றவரைத்தான். தேர்வைச் சொல்லி, அதற்கேற்பத் தயார் செய்துகொண்டிருப்பவரை அசைக்காமல் இருக்கலாம்.

அடுத்த கருத்தரங்குக்குப் படிவம் தயாரிக்கும்போது, கேள்வியைக் கட்டாயமாக்கிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டாயம் மட்டும் இருந்தால், எதிலும் பொருந்தாதவர் கையில் அகப்பட்ட முதல் அமர்வைத் தொட்டுவிட்டுப் போவார். காலிக் கட்டமாவது கேட்கச் சொல்லும். தவறான தேர்வு சரியானதைப் போலவே தாளில் உட்கார்ந்திருக்கும், அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். கட்டாயக் கேள்வியில் ‘அமைப்பாளர்களே முடிவு செய்யலாம்’, ‘இரண்டு அமர்வுகளுக்குப் பொருந்தும்’ என்ற இரண்டு விடைகளையும் சேர்த்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர் அமர்வுகளின் பெயரை எழுத ஒரு கட்டம் கொடுத்தால், ஏரி வாரியக் கட்டுரையாளர் பதிவு செய்யும்போதே தன் தயக்கத்தைச் சொல்லிவிட முடியும்.