ஆறு லட்சம் என்று எழுதியிருக்கிறது. கைக்கு எவ்வளவு வரும்?

ஒரு நிறுவனம் ஒருவரை வேலைக்கு அழைக்கும்போது பதவி, சம்பளம், சேரவேண்டிய நாள், நிபந்தனைகள் ஆகியவற்றை எழுதித் தருவதே பணி வாய்ப்புக் கடிதம். புழக்கத்தில் அதன் பெயர் ஆஃபர் லெட்டர். பணி நியமன ஆணை வேறு. அது பெரும்பாலும் வேலையில் சேரும் நாளிலோ அதற்குப் பிறகோ கைக்கு வரும். ஆஃபர் லெட்டர் வரும்போது வாங்குபவர் இன்னொரு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். ராஜினாமா கொடுப்பதா, ஊர் மாறி வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டுவதா என்பதை இந்த இரண்டு பக்கத்தைப் படித்துத்தான் அவர் முடிவு செய்யவேண்டும். ஆனால் நம் அலுவலகங்களில் இந்தக் கடிதம் யாரோ எப்போதோ எழுதிய ஆங்கில நகலாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பெயரும் தொகையும் மட்டும் மாறுகின்றன.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கடிதம். கோயம்புத்தூரில் பம்புசெட் விற்கும் நடுத்தர வணிக நிறுவனம் ஒன்று, கணக்குப் பிரிவு அலுவலர் பணிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கடிதத்தின் சம்பளப் பத்தி தமிழில் ஏறத்தாழ இப்படி இருக்கும்: “தங்களது சி.டி.சி. ஆண்டொன்றுக்கு ரூ.6,00,000. இது நிறுவனக் கொள்கைகளுக்கும் சட்டப்படியான பிடித்தங்களுக்கும் உட்பட்டது.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் படிப்பவர் மனம் ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 50,000 ரூபாய் என்று உடனே கணக்குப் போட்டுவிடும். முதல் சம்பளம் வங்கியில் ஏறும் நாளில்தான் அந்தக் கணக்கு தவறென்று தெரியும்.

சி.டி.சி. என்பது ஊழியருக்குக் கிடைக்கும் சம்பளம் அல்ல, அவரை வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. இந்தக் கடிதத்தின் 50,000 ரூபாயில் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு அடங்கியிருக்கிறது. 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்து அதில் 12 சதவீதம் கணக்கிடுவதால் அது 1,800 ரூபாய். பணிக்கொடைக்காக ஒதுக்குவது 1,202 ரூபாய். ஓர் ஆண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு இருபத்தாறு வேலைநாள் என்ற சூத்திரப்படி, அடிப்படைச் சம்பளமான 25,000 ரூபாய்க்கு வரும் தொகை அது. குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 600 ரூபாய். எஞ்சியது வேரியபிள் பே எனப்படும் ஊக்கத்தொகை: ஆண்டுக்கு 60,000, அதாவது மாதக் கணக்கில் 5,000 ரூபாய். இவை நான்கையும் கழித்தால் மொத்தச் சம்பளம் 41,398 ரூபாய். அதிலிருந்து ஊழியரின் பங்காக வைப்பு நிதிக்கு 1,800 ரூபாய் பிடிப்பார்கள். அரையாண்டுக்கு 1,250 ரூபாய் தொழில்வரியை மாதக் கணக்காக்கினால் 208 ரூபாய். கைக்கு வருவது 39,390 ரூபாய். ஊழியருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது.

ஐம்பதாயிரத்துக்கும் முப்பத்தொன்பதாயிரத்துக்கும் இடையில் உள்ள பணம் முழுவதும் ஊழியருக்கு இழப்பு என்று சொல்லமுடியாது. வைப்பு நிதி அவர் கணக்கில்தான் சேர்கிறது. நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. பணிக்கொடை அப்படியல்ல. நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்த பணிக்குப் பிறகே கிடைக்கும். இரண்டாண்டில் விலகுபவருக்கு அந்த 1,202 ரூபாய் காகிதத்தில் இருந்த எண் மட்டுமே. எனவே திருத்தி எழுதும்போது கூட்டுத்தொகையை முதலில் வைக்காமல், மாதாமாதம் வருவது, பிறகு வருவது, நிபந்தனையோடு வருவது என்று வரிசை மாற்றவேண்டும்:

“ஒவ்வொரு மாதக் கடைசி வேலைநாளிலும் உங்கள் வங்கிக் கணக்கில் சுமார் ரூ.39,400 வந்து சேரும். தொழில்வரி பிடிக்கும் மாதங்களில் மட்டும் இது சற்றுக் குறையும், மற்ற மாதங்களில் சற்றுக் கூடும். இதுபோக, உங்கள் வைப்பு நிதிக் கணக்குக்காக மாதம் ரூ.3,600 செலுத்தப்படும், அதில் பாதி உங்கள் சம்பளத்திலிருந்து பிடிப்பது, பாதி எங்கள் பங்கு. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை நாங்களே கட்டுகிறோம். பிரிவின் ஆண்டு இலக்கு எட்டப்பட்டால் ரூ.60,000 வரை ஊக்கத்தொகை உண்டு. இலக்கு குறைந்தால் இதுவும் குறையும், கிடைக்காமலும் போகலாம். மார்ச் 31 அன்று பணியில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் சம்பளத்தோடு இது வழங்கப்படும். பணிக்கொடைக்கான ஒதுக்கீட்டையும் சேர்த்து, எங்களுக்கு ஆகும் ஆண்டுச் செலவு ரூ.6,00,000.”

ஊக்கத்தொகை வரியில்தான் எளிமைப்படுத்துபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அன்பாக எழுதும் ஆசையில் “ஆண்டுதோறும் ரூ.60,000 ஊக்கத்தொகையும் உண்டு” என்று முடித்துவிட்டால் நிபந்தனை மறைந்து அது வாக்குறுதியாகிவிடும், பிற்காலத்தில் வழக்குக்கும் வழிவகுக்கும். “கிடைக்காமலும் போகலாம்” என்பது காதுக்கு இனிமையானதல்ல. ஆனால் ஏப்ரல் மாதத்தில் ஏமாறுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வதை எவரும் விரும்புவார்கள்.

அடுத்தது புரொபேஷன், தமிழில் தகுதிகாண் பருவம். பழைய நகலில் வழக்கமாக இருக்கும் வாசகம்: “தாங்கள் ஆறு மாத காலம் தகுதிகாண் நிலையில் இருப்பீர்கள். நிர்வாகத்தின் முழு விருப்புரிமைப்படி இக்காலம் நீட்டிக்கப்படலாம். எழுத்து மூலம் உறுதி செய்யப்படும் வரை தகுதிகாண் நிலை தொடர்வதாகக் கொள்ளப்படும்.” ஆறு மாதம் என்று தொடங்கும் வாசகம் முடிவில் எல்லையில்லாத காலமாக நீண்டுவிடுகிறது. கடைசி வாக்கியம் தற்செயலாக வந்ததல்ல. பஞ்சாப் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தொடர்பான தரம் சிங் வழக்கில், 1968இல் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையை வகுத்தது. விதிகள் தகுதிகாண் பருவத்துக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குமேல் நீட்டிக்க இடம் தராதபோது, அந்த வரம்பு கடந்தும் ஒருவர் பணியில் வைத்திருக்கப்பட்டால் அவர் உறுதி செய்யப்பட்டவராகவே கருதப்படுவார் என்பது அது. அரசு ஊழியர் வழக்கில் பிறந்த கொள்கை என்றாலும், கடிதம் எழுதுபவர்களின் மனதில் அந்த அச்சம் உண்டு. அதனால் உச்சவரம்பே வைக்காமல் எழுதிவிடுகிறார்கள். சேர்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்த உச்சவரம்புதான் அவருக்கு முதலில் தெரியவேண்டியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நகலில் தகுதிகாண் பருவம் முழுவதற்கும் பதினைந்து நாள் நோட்டீஸ் என்று இருக்கும். ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தகுந்த காரணமின்றி வேலையிலிருந்து நீக்கமுடியாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தரவேண்டும். விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்கு மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. கோயம்புத்தூர் நிறுவனம் இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட வணிக நிறுவனம். எனவே ஏழாம் மாதத்திலும் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்று அது கருதினால் தவறு. எளிய தமிழில் மாற்றி எழுதும்போது இந்த முரண் தானாகவே கண்ணில் படும்:

“2026 ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை உங்களுக்குத் தகுதிகாண் பருவம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் உங்கள் மேலாளர் உங்களோடு உட்கார்ந்து, வேலை எப்படிப் போகிறது என்று பேசுவார். நவம்பர் 20க்குள் எங்கள் முடிவை எழுத்தில் தருவோம். இன்னும் காலம் தேவை என்று தோன்றினால், காரணத்தைக் கூறி, ஒரே ஒரு முறை, அதிகபட்சம் மூன்று மாதம் நீட்டிப்போம். முதல் ஆறு மாதத்தில் நீங்கள் விலகினாலும் நாங்கள் விலக்கினாலும் பதினைந்து நாள் நோட்டீஸ். அதன்பின் இரு தரப்புக்கும் ஒரு மாதம். சம்பளம், வைப்பு நிதி, காப்பீடு எல்லாம் முதல் நாளிலிருந்தே உண்டு.”

மாதக் கணக்கோடு தேதிகளையும் எழுதியது காரணத்தோடுதான். “ஆறு மாதத்துக்குள்” என்றால் எதிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி எழும். “நவம்பர் 20” என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. “தாங்கள்” என்பது “நீங்கள்” ஆனதும், “கொள்ளப்படும்” என்பது “தருவோம்” ஆனதும் வெறும் நடை மாற்றமல்ல. செயப்பாட்டு வினையில் எழுதும்போது முடிவெடுக்கவேண்டியவர் யார் என்பது மறைந்துவிடும். “தருவோம்” என்று எழுதினால் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் வந்து உட்காரும். நிறுவனங்கள் செயப்பாட்டு வினையை விரும்புவதற்கும் அதுவே காரணம் என்று தோன்றுகிறது.

சேர்வதற்கான நிபந்தனைகளில் நகல்கள் செய்யும் பெரிய குழப்பம், இருவேறு வகைகளை ஒரே பட்டியலில் போடுவது. கல்விச் சான்று, முந்தைய பணி ஆகியவற்றின் சரிபார்ப்பு முதல் வகை. அது சரியாக முடியாவிட்டால் வேலையே இல்லை. பான் அட்டை நகல், வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம் போன்றவை இரண்டாம் வகை; ஒருநாள் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டையும் கலந்து, “மேற்கண்டவற்றைச் சமர்ப்பிக்கத் தவறினால் இவ்வாய்ப்பு ரத்தாகும்” என்று முடித்தால், புகைப்படத்துக்கும் பட்டச் சான்றுக்கும் ஒரே அச்சம் பிறக்கிறது. அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. கடிதம் வந்த மகிழ்ச்சியில் ராஜினாமா கொடுத்துவிட்டவருக்கு, சரிபார்ப்பு முடியாமல் வாய்ப்பு ரத்தானால் பழைய வேலையும் இல்லை, புதியதும் இல்லை. ஆகவே திருத்திய கடிதத்தில் வரிசை முக்கியம்:

“உங்கள் பட்டச் சான்றையும் முந்தைய பணி விவரங்களையும் மே 10க்குள் சரிபார்த்து முடிப்போம். இப்போது பணிபுரியும் நிறுவனத்தை உங்கள் அனுமதியின்றித் தொடர்புகொள்ள மாட்டோம். சரிபார்ப்பு முடிந்தது என்று எங்களிடமிருந்து எழுத்தில் தகவல் வந்தபிறகு ராஜினாமா கொடுத்தால் போதும். சேரும் நாளில் அசல் சான்றுகளைக் கொண்டுவாருங்கள். பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். ரிலீவிங் லெட்டர் வரத் தாமதமானால், ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலைக் காட்டிச் சேரலாம். லெட்டரை முப்பது நாளுக்குள் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள யு.ஏ.என். எண்ணையும் கொண்டுவாருங்கள்.”

யு.ஏ.என். என்பது வைப்பு நிதிக்கான பன்னிரண்டு இலக்க எண். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எண்தான் இருக்கவேண்டும். அதைச் சொல்ல மறந்து புதிதாக இன்னொன்று உருவாகிவிட்டால், பழைய இருப்பை மாற்றிச் சேர்ப்பதற்கு அலையவேண்டியிருக்கும்.

கடைசிப் பத்தி சம்மதம் பற்றியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு வாய்ப்பை ஏற்பது முழுமையானதாக, நிபந்தனையற்றதாக இருக்கவேண்டும் என்கிறது. “சரி, ஆனால் ஜூன் 15இல்தான் சேரமுடியும்” என்று பதில் எழுதினால் அது ஏற்பு அல்ல, எதிர் யோசனை. நிறுவனம் அதை மறுத்துவிடலாம். பலர் இதை அறியாமல் கையெழுத்திட்ட தாளின் ஓரத்திலேயே தங்கள் கோரிக்கையை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் கடிதம் இப்படி முடியலாம்: “ஏப்ரல் 25க்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அதுவரை இந்த வாய்ப்பை வேறு யாருக்கும் தரமாட்டோம். சேரும் தேதியிலோ வேறு எதிலோ மாற்றம் வேண்டுமானால், கையெழுத்திடும் முன் கீழே உள்ள எண்ணில் எங்கள் எச்.ஆர். அலுவலரை அழைத்துப் பேசுங்கள். இசைந்தால் திருத்திய கடிதம் அனுப்புவோம்.” அதன் கீழே அலுவலரின் பெயர், நேரடித் தொலைபேசி எண், அழைக்க ஏற்ற நேரம் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும்.