கேட்பவருக்குத்தான் முதலில் பிடித்துப்போகிறது

கூட்டத்தில் அதிகம் பேசாதவர்களுக்கு எல்லோரும் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: “நீ நல்லா காது குடுத்துக் கேக்குற ஆளு. உன்னை யாருக்குத்தான் பிடிக்காமப் போகும்?” இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பல இன்ட்ரோவெர்ட்கள் காதலில் வீணாகக் காயப்படுகிறார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் சூசன் ஸ்ப்ரெக்கரும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரைப் பேச வைத்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டுப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிந்ததும் யாருக்கு யாரை அதிகம் பிடித்திருந்தது தெரியுமா? கேட்டவருக்குத்தான், பேசியவரை. பேசியவருக்குக் கேட்டவர் மேல் அந்த அளவு நெருக்கம் வரவில்லை. யோசித்தால் காரணம் புரியும். இரண்டு மணி நேரம் ஒருவருடைய சின்ன வயது, வேலை, கவலை எல்லாவற்றையும் கேட்டவர் பாதிக் காதலோடு வீட்டுக்குப் போகிறார். பேசியவருக்கோ சாயங்காலம் நன்றாகப் போன நினைவுதான் மிச்சம். எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது.

அதே குழுவின் இன்னொரு ஆய்வில், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களைப் பற்றிச் சொன்ன ஜோடிகளுக்கு ஒருவரையொருவர் கூடுதலாகப் பிடித்திருந்தது. ஒருவர் நீளமாகச் சொல்லி முடித்த பிறகு அடுத்தவர் நீளமாகச் சொன்ன ஜோடிகளிடம் அது குறைவாக இருந்தது. ஆக, நன்றாகக் கேட்கும் குணம் காதலுக்கு உதவ வேண்டுமென்றால் அது வெளியே தெரிய வேண்டும். நடுநடுவே நம்மையும் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

எப்படி என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். இரண்டாவது முறை சந்திக்கும் இருவர். அவள் சொல்கிறாள்: “மதுரையில இருந்து மாத்தலாகி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் சென்னை பிடிபடல.” அமைதியானவர்கள் பெரும்பாலும் “ஓ, அப்படியா” என்று தலையாட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மனதுக்குள் அக்கறை நிறைய இருக்கும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? பேச்சுக்காரர் என்றால், “எனக்கும் அப்படித்தாங்க, நான் கோயம்புத்தூர்ல இருந்து வந்தப்போ...” என்று தன் கதையை எடுத்துவிடுவார். அத்தோடு அவள் பேச்சு போயிற்று.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. “பிடிபடலைன்னா, ஊரா, ஆளுங்களா?” என்று அவன் கேட்கிறான். அவள் கொஞ்சம் யோசித்து, “ஆளுங்கதான். எங்க தெருவுல கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நாலு பேரு நிறுத்திப் பேசுவாங்க. இங்க எதிர்வீட்டுக்காரங்க பேருகூடத் தெரியல” என்கிறாள். இப்போது அவன் தன்னுடையதைத் தருகிறான்: “நான் வந்த புதுசுல ஞாயித்துக்கிழமை எந்த வேலையும் இல்லாம எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்புவேன். பக்கத்துல யாராவது உக்காந்திருந்தாப் போதும்னு இருக்கும்.” சொன்னது இரண்டே வாக்கியம். ஆனால் அவள் சொன்ன தனிமைக்கு அது நேராகப் பதில் சொல்கிறது. அடுத்த கேள்வி இனி அவளிடமிருந்து வரும்.

ஒருவர் சொன்னதிலிருந்தே பிறக்கும் இந்த மாதிரிக் கேள்விகளை ஹார்வர்டைச் சேர்ந்த கேரன் ஹுவாங், ஆலிசன் வுட் புரூக்ஸ் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். சில நிமிடங்களே பேசி ஆளை மாற்றிக்கொள்ளும் ‘ஸ்பீட் டேட்டிங்’ உரையாடல்களையும் அவர்கள் அலசினார்கள். இப்படித் தொடர்ந்து கேட்டவர்களையே மறுபடி சந்திக்க மற்றவர்கள் அதிகம் விரும்பினார்கள். “என்ன படிச்சீங்க, எங்க வேலை, கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்” என்று பட்டியல் போட்டுக் கேட்பது வேறு சங்கதி. பெண் பார்க்க வந்த பெரியப்பா கேட்பது மாதிரிதான் அது இருக்கும்.

அடுத்த சிக்கல் மௌனம். சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. யோசித்துப் பேசுகிறவருக்கு அது போதாது. அவர் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால், எதிரில் இருப்பவர் ‘இவருக்கு இஷ்டமில்லையோ’ என்று நினைத்துவிடுகிறார். “இருங்க, யோசிச்சுச் சொல்றேன்” என்று வாய்விட்டுச் சொன்னாலே அந்தச் சந்தேகம் போய்விடும்.

மௌனத்துக்கு இடம் தரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. பாட்டு அலறும் கஃபேயில் எதிரெதிரே உட்கார்ந்தால், ஒவ்வொரு மௌனமும் மேஜை மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் இடங்களில் அப்படி இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு நான் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சொல்வேன் (வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போங்கள்). அங்கே வெண்கலக் கூடத்தில் ஒரு நடராஜர் முன்னால் இரண்டு நிமிடம் பேசாமல் நின்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிறகு “எது பிடிச்சிருந்தது?” என்று கேட்டால், அந்தப் பதிலிலேயே ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும். எல்லாக் கூடங்களையும் பார்த்துவிடும் அவசரம் வேண்டாம். ஒன்றரை மணி நேரம், பிறகு ஒரு டீ. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால், சோர்வு தட்டும்போது சாக்கு தேட வேண்டியதில்லை. சினிமா இதற்கு ஒத்துவராது. இரண்டரை மணி நேரம் இருட்டில் திரையைப் பார்த்துவிட்டு, டிராஃபிக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே பிரிந்துவிடுவீர்கள்.

தனியாகச் சந்திக்கும் அளவுக்குப் பழக்கம் வராதபோது சின்னக் கூட்டம் கை கொடுக்கும். மனிதர்கள் இயல்பாகச் சேர்ந்து பேசும் குழு நாலு பேருக்கு மேல் நிலைப்பதில்லை, அதற்கு மேல் போனால் தானாகப் பிரிந்துவிடும் என்று ராபின் டன்பாரும் சக ஆய்வாளர்களும் 1995-இல் எழுதினார்கள். கல்யாண வரவேற்பில் வாய் திறக்காத ஒருவர், நாலு பேர் கேரம் ஆடும் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தில் சரளமாகப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணும் கையும் பலகையில் இருக்கின்றன. பேச்சு ஆட்டத்துக்கு நடுவில் வந்து போகிறது. பிடித்தவரோடு ஒரே அணியில் சேர்ந்தால் அவர் நேர் எதிரில்தான் உட்கார வேண்டும். ஜாடை காட்டிக்கொள்ளவும், சிவப்புக் காய் தவறும்போது சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ளவும் காரணம் கிடைக்கிறது.

வீடு திரும்பிய பிறகு ஒரு தொல்லை உண்டு: ‘நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்று ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்ப்பது. எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் இதைச் சோதித்தார்கள். முதல் உரையாடல் முடிந்ததும், எதிராளிக்குத் தங்களை உண்மையில் எவ்வளவு பிடித்திருந்ததோ அதைவிடக் குறைவாகவே மக்கள் மதிப்பிட்டார்கள். கூச்சம் அதிகமானால் இந்தத் தவறும் அதிகமாகிறது. ஆகவே அந்த ராத்திரிக் கணக்கை நம்பி அமைதியாகிவிட வேண்டாம். மறுநாள் ஒரு செய்தி அனுப்புங்கள். “ஹாய்” என்று இல்லாமல், அவர் சொன்ன ஏதாவது ஒன்றைத் தொட்டு.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நன்றாகக் கேட்பவரைத் தேடிப் பிடித்துத் தன் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உங்களுக்கு முக்கியமான ஒன்றை, “போன வாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்” என்பது போல, ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அக்கறை உள்ளவர் “என்னாச்சு, இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்பார். ஒருமுறை தவறினால் மன்னிக்கலாம். அவர் மனசில் அன்று வேறு ஏதாவது இருந்திருக்கும். மூன்று சந்திப்பிலும் அந்த வரியைத் தாண்டி அவர் தன் கதைக்கே திரும்பினால், அவருக்குத் தேவைப்படுவது ஒரு காது மட்டுமே. நாலாவது சந்திப்புக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.