பத்தாவது மாடிக்குக் குளிர் ஏன் ஏறவில்லை?

பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடித்தளத்தில் சில்லர் இருக்கிறது. 7 டிகிரியில் மேலே போகும் தண்ணீர், அறைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்புகிறது. மூடிய குழாய்களுக்குள் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பத்தாவது மாடியில் மட்டும் குளிர் போதவில்லை, குழாயில் சலசலப்பும் கேட்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.

வழக்கமாக, மேலே உள்ள ஏர் வென்ட்டைத் திறந்து காற்றை விடுவார்கள். சில நாளில் சலசலப்பு திரும்பிவிடும். முதலில் பார்க்க வேண்டியது, குறைந்த தண்ணீரை ஈடுகட்டும் மேக்கப் இணைப்பை.

மேல்மாடிக் குழாய் 35 மீட்டர் உயரத்தில் இருந்தால், தண்ணீர் அங்கே எட்டுவதற்கே சுமார் 3.5 பார் அழுத்தம் வேண்டும். உச்சியிலும் அரை பார் மிஞ்ச வேண்டும் என்பதால், கீழே உள்ள மேக்கப் வால்வை 4 பாரில் வைக்க வேண்டும். 2.5 பாரில் வைத்துவிட்டால் உச்சியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகலாம். அப்போது காற்றை வெளியேற்ற வேண்டிய வென்ட்டே அதை உள்ளே இழுக்கும். இந்த இணைப்பு பம்ப் இழுக்கும் பக்கத்தில், எக்ஸ்பேன்ஷன் டேங்க் சேரும் இடத்தில் இருக்க வேண்டும். பம்ப் ஓடினாலும் நின்றாலும் அழுத்தம் மாறாத இடம் அதுதான். பம்ப் தள்ளும் பக்கத்தில் கொடுத்தால், பம்பின் அழுத்தத்தைப் பார்த்து வால்வு ஏமாந்துவிடும்.

ஏர் செபரேட்டரையும் திரும்பி வரும் குழாயில், பம்புக்கு முன்னால் வைப்பார்கள். சில்லிட்ட சோடாவைவிட வெதுவெதுப்பான சோடா அதிகம் பொங்குவதுபோல, 12 டிகிரித் தண்ணீர் 7 டிகிரித் தண்ணீரைவிடக் காற்றை எளிதில் விடும். ஆனால் அடித்தளத்தின் 4 பார் அழுத்தத்தில் கரைந்த காற்று கரைந்தே இருக்கும். சுற்றிவரும் குமிழிகளைத்தான் செபரேட்டர் பிடிக்கும். கரைந்த காற்று அழுத்தம் குறைந்த உச்சியில் பிரிவதால், அங்கேயும் வென்ட் தேவை.

பம்புக்கு முன்னால் உள்ள ஸ்ட்ரெய்னரில் நெருக்கமான சல்லடை போட்டால் நல்லது என்று தோன்றும். புதுக் குழாயைக் கழுவும்போது அது சரி, வெல்டிங் துகளும் மணலும் அதில் நிற்கும். பிறகு அதைக் கழற்றி, பெரிய துளைச் சல்லடையை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு பம்புக்குத் தண்ணீர் போதாமல் போகும். இருபுறமும் உள்ள அழுத்தமானிகளின் வித்தியாசம் ஏறுவதே அடைப்புக்கு அடையாளம்.

கழுவும்போதெல்லாம் கரிய சேறு வருகிறதா? அது இரும்பு அரிப்பின் கசடு. புதுத் தண்ணீர் கொண்டுவரும் ஆக்ஸிஜன்தான் பெரும்பாலும் காரணம். மேக்கப் குழாயில் மீட்டர் இருந்தால் உடனே தெரியும். நாள்தோறும் அது ஓடினால் எங்கோ கசிவு. மேக்கப் வால்வை மூடிவிட்டு, அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். சில்லர் சீராக ஓடும்போதே பார்க்க வேண்டும். நிறுத்தினால் தண்ணீர் சூடேறி விரிந்து கசிவை மறைத்துவிடும். பம்ப் சீலில் சொட்டு இல்லையென்றால், ஒவ்வொரு மாடியிலும் கூலிங் காயிலைச் சோதியுங்கள். அங்கே ஒழுகும் தண்ணீர், ஏசியின் ஈரத்தோடு கலந்து வடிகுழாயில் போய்விடுவதால் யார் கண்ணிலும் படாது.